‘டெஸ் மென்ஷென்’ ஒருமையா, பன்மையா? ஜெர்மன் மூலங்களைத் தமிழாய்வில் வாசிப்பது குறித்து ஒரு கருத்துரை

கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856-இல் லைப்சிக் நகரில் வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் இட்ட துணைத்தலைப்பு ‘டெஸ் மென்ஷென்’ என்னும் இரு சொற்களில் முடிகிறது. அதற்கு முன்னுள்ள ‘டீ ட்ரை ஷ்ட்ரேபெட்ஸீலெ’ என்னும் தொடர், நாடி முயலத்தக்க மூன்று இலக்குகளைக் குறிப்பது. அறம், பொருள், இன்பம் என்பவற்றையே கிரௌல் அவ்வாறு கூறுகிறார். இத்துணைத்தலைப்பை முதன்முறை என் குறிப்பேட்டில் பெயர்த்தெழுதியபோது ‘மனிதர்களின் மூன்று இலக்குகள்’ என்று எழுதினேன். அது பிழை. கிரௌல் எழுதியது ‘மனிதனின்’ என்னும் ஒருமை. பிழைக்குக் காரணம் ஒன்றே. சொல்லிறுதியில் ‘-என்’ என்னும் ஒலியைக் கண்டவுடன் அதைத் தமிழின் ‘கள்’ விகுதிக்கு நிகரானதாகக் கொண்டுவிட்டேன். ஜெர்மன் மூலங்களைத் தொடும் தமிழாய்வாளர் பலரும் இவ்விடத்தில் இடறக்கூடும் என்பதால் இதனைச் சற்று விரித்துப் பேசுவது தகும்.

ஜெர்மன் மொழியில் வேற்றுமைப் பொருளைப் பெரும்பாலும் பெயர்ச்சொல் சுமப்பதில்லை; அதன் முன்வரும் சார்படையே சுமக்கிறது. மேசையைக் குறிக்கும் ‘டிஷ்’ என்னும் ஆண்பாற்பெயரைக் கொள்வோம். எழுவாயில் ‘டேர் டிஷ்’, இரண்டாம் வேற்றுமையில் ‘டேன் டிஷ்’, நான்காம் வேற்றுமையில் ‘டேம் டிஷ்’ என வரும். ஆறாம் வேற்றுமையில் மட்டும் ‘டெஸ் டிஷெஸ்’ என்று பெயரின் ஈற்றிலும் ஒரு ஸகரம் ஏறும். சொல் ஏறத்தாழ அப்படியே நிற்க, முன்நிற்கும் அடைதான் மாறுகிறது. ஆயின் ஆண்பாற்பெயர்களுள் ஒரு சிறு கூட்டம் இவ்வழியில் நடப்பதில்லை. ‘மென்ஷ்’ (மனிதன்) அக்கூட்டத்தைச் சேர்ந்தது. எழுவாய் ஒருமையில் ‘டேர் மென்ஷ்’. பிற ஒருமை வடிவங்கள் ‘டேன் மென்ஷென்’, ‘டேம் மென்ஷென்’, ‘டெஸ் மென்ஷென்’. பன்மைக்கு வந்தால் நான்கு வேற்றுமையிலும் அதே ‘மென்ஷென்’ நிற்கிறது. ஒருமையும் பன்மையுமாக எட்டு இடங்களில் ஏழில் னகர ஈறு. எழுவாய் ஒருமை ஒன்றே அதற்கு விலக்கு.

யாகோப் கிரிம் 1819-இல் தொடங்கிய தம் ஜெர்மன் இலக்கண நூலில் இத்தகைய பெயர்களுக்கு ‘வலுவற்றவை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார், மற்றவை ‘வலுவுடையவை’. இப்பாகுபாட்டைத் தமிழில் மெலிதிரிபு, வலிதிரிபு எனலாம். ஈற்றில் வரும் னகரம் நம் மெல்லினத்துள் ஒன்றாயிருப்பது தற்செயல். கிரிம் கருதியது ஒலியின் மென்மையை அன்று.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இந்நிகழ்வு முற்றிலும் அயலானதன்று. ‘மரம்’ எழுவாயில் மட்டுமே மரமாக நிற்கிறது. உருபேற்கும்போது ‘மரத்தை’, ‘மரத்தால்’, ‘மரத்துக்கு’ என எங்கும் அத்துச்சாரியை புகுகிறது. ‘பலா’ இன் சாரியை பெற்றுப் ‘பலாவினை’, ‘பலாவினால்’ என்றாகிறது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் உருபியலை இதற்கெனவே வகுத்தார். எழுவாயின் வடிவம் ஒன்று, உருபேற்கும் வடிவம் வேறொன்று என்னும் எண்ணம் நம் மரபில் ஊறியது. ஆகவே ஜெர்மன் மெலிதிரிபைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிப்பவர் சாரியையிலிருந்து தொடங்குவதே நேர்வழி என்பது என் கருத்து. ஐரோப்பியப் பாடநூல்களின் வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைவிட இது விரைவில் பிடிபடும்.

ஆனால் ஒப்புமை இங்கேயே நிற்கவேண்டும். ஜெர்மன் னகரத்தையும் நம் இன் சாரியையையும் ஒலியொற்றுமை கருதி உறவுபடுத்தும் ஆசை சிலருக்கு எழலாம். அதற்கு இடமில்லை. ஜெர்மன் னகரத்தின் வரலாறு தெளிவாக அறியப்பட்டது. அது சாரியையும் அன்று, உருபும் அன்று, பகுதியின் ஈற்றெழுத்து. வடமொழியின் ‘ராஜந்’ என்னும் பகுதியை நினைவுகூர்க. எழுவாயில் ‘ராஜா’ என னகரம் மறைய, இரண்டாம் வேற்றுமையில் ‘ராஜானம்’ என அது வெளிப்படுகிறது. இலத்தீனில் மனிதனைக் குறிக்கும் ‘ஹோமோ’ இரண்டாம் வேற்றுமையில் ‘ஹோமினெம்’ ஆகிறது. ஜெர்மன் மெலிதிரிபுப் பெயர்கள் இதே பழைய வகையின் வழிவந்தவை. வடமொழியிலும் இலத்தீனிலும் அந்த னகரத்தின் பின் வேற்றுமை ஈறு ஒன்று தனியே நின்றது. ஜெர்மானிய மொழிகளில் சொல்லிறுதி அசைகள் நூற்றாண்டுகளாகத் தேய்ந்தன. ஈறு உதிர்ந்தது, பகுதியின் னகரம் எஞ்சியது.

இதைத் தமிழ்ச்சூழலில் வைத்துக் காண்பது எளிது. ‘மரத்தை’, ‘மரத்தால்’, ‘மரத்துக்கு’ என்பவற்றில் உருபெல்லாம் தேய்ந்தொழிந்து, எல்லா வேற்றுமைக்கும் ‘மரத்து’ என்ற ஒரே வடிவம் எஞ்சியதாகக் கொள்க. அந்நிலையில் ‘மரத்து’ எவ்வேற்றுமை என்பதைப் பிற சொற்களைக் கொண்டே அறியவேண்டிவரும். ‘மரத்துக் கிளை’ என்னும் தொகையில் இன்றும் நாம் அவ்வாறுதான் பொருள்கொள்கிறோம். சாரியை நிற்கிறது, உருபு தொக்கது. ஜெர்மன் மெலிதிரிபுப் பெயர் ஏறத்தாழ எப்போதும் இந்நிலையில் உள்ளது.

வேறுபாடு ஒன்று உண்டு. என் பிழைக்கு வேர் அதுவே. தமிழில் பன்மைக்குத் தனி விகுதி இருக்கிறது. ‘மரத்தை’, ‘மரங்களை’ என்னும் இரண்டும் ஒருபோதும் மயங்கா. ஜெர்மன் மெலிதிரிபிலோ பன்மையும் அதே னகரத்தால் அமைகிறது. பெயரை மட்டும் நோக்கி எண்ணை அறிய வழியில்லை.

சார்படையை நோக்கினால் பெரும்பாலும் ஐயம் தீரும். ‘டெஸ்’ என்பது ஆண்பால், பொதுப்பால் ஒருமைகளின் ஆறாம் வேற்றுமைக்கே உரியது. பன்மையில் அது வாராது. எனவே ‘டெஸ் மென்ஷென்’ ஒருமை என்பதில் ஐயமே இல்லை. பன்மையாயின் ‘டேர் மென்ஷென்’ என்றிருக்கவேண்டும். ‘டேம்’ வந்தாலும் ஒருமையே. ‘டீ’ வந்தால் பன்மை. மயக்கம் எஞ்சுவது ‘டேன்’ என்னும் ஒன்றில்தான். அது ஆண்பால் ஒருமையின் இரண்டாம் வேற்றுமைக்கும், பன்மையின் நான்காம் வேற்றுமைக்கும் பொது. ‘டேன் மென்ஷென்’ என்பது ‘மனிதனை’ என்றும் ஆகலாம், ‘மனிதர்களுக்கு’ என்றும் ஆகலாம்.

நமக்கு நெருக்கமான சொல்லொன்றில் இதைப் பார்ப்போம். தமிழரைக் குறிக்கும் இன்றைய ஜெர்மன் சொல் ‘தமீலெ’. அதுவும் மெலிதிரிபுப் பெயரே. ஒரு தமிழன் ‘டேர் தமீலெ’. தமிழனுடைய என்பது ‘டெஸ் தமீலென்’. தமிழர்கள் ‘டீ தமீலென்’. கிரௌல் காலத்து ‘தமூலெ’ என்னும் வடிவமும் இப்படியே திரியும். இனி ‘டேன் தமீலென்’ என்பது ஒரு தமிழனையா, தமிழர்க்கா என்று அறிய அதனை ஆளும் வினையையோ முன்னிடைச்சொல்லையோ நோக்கவேண்டும். ‘ஃபூர்’, ‘கேகென்’ என்னும் முன்னிடைச்சொற்கள் இரண்டாம் வேற்றுமையையே ஏற்பவை. ஆகவே ‘ஃபூர் டேன் தமீலென்’ என்றால் ஒரு தமிழனுக்காக. ‘கேகென் டேன் தமீலென்’ என்றால் ஒரு தமிழனுக்கு எதிராக. பன்மை கருதியிருந்தால் ‘டீ’ வந்திருக்கும். ‘மிட்’, ‘ஃபொன்’ என்பவை நான்காம் வேற்றுமையை ஏற்பவை. ‘மிட் டேன் தமீலென்’ என்றால் பலரோடு. ஒருவனோடு என்றால் ‘மிட் டேம் தமீலென்’. பார்த்தலைக் குறிக்கும் ‘ஸேஎன்’ என்னும் வினை இரண்டாம் வேற்றுமையைக் கொள்வதால் அதனோடு வரும் ‘டேன் தமீலென்’ ஒருமை. உதவுதலைக் குறிக்கும் ‘ஹெல்ஃபென்’ நான்காம் வேற்றுமையைக் கொள்வதால் அதனோடு வருவது பன்மை. ஒரே இரு சொற்கள், வினைக்கேற்ப ஒருவனாகவும் பலராகவும் மாறுகின்றன.

இம்மயக்கத்தின் விலை என்ன என்பதற்கு என் பழைய குறிப்பொன்றையே சான்றாக வைக்கிறேன். எம்.ஃபில். ஆய்வுக்காகப் பழைய ஜெர்மன் குறிப்புகள் சிலவற்றைப் படித்துவந்த காலத்தில் ‘ஊபர் டேன் பிரமானென்’ என்னும் தொடரைக் கண்டேன். ‘ஊபர்’ என்பது பற்றி என்னும் பொருளில் வரும்போது இரண்டாம் வேற்றுமையை ஏற்கும். எனவே அத்தொடருக்குப் பொருள் ‘அந்தப் பிராமணனைப் பற்றி’ என்பது. முந்தைய பத்தியில் பேசப்பட்ட ஒரு தனிமனிதனையே அது சுட்டியது. நானோ ‘பிராமணர்களைப் பற்றி’ என்று கொண்டு, ஒரு சமூகத்தைக் குறித்த ஐரோப்பியப் பார்வை என அரைப்பக்கம் எழுதிவிட்டேன். ஒருவர் ஒருவரைப் பற்றிச் சொன்ன குறை, என் எழுத்தில் ஒரு குலத்தைப் பற்றிய தீர்ப்பாகியது. மஞ்சக்குப்பத்து வீட்டில் ஓரிரவு அகராதியை வேறொரு சொல்லுக்காகப் புரட்டியபோதுதான் இது கண்ணில் பட்டது. ஆய்வேடு தட்டச்சுக்குப் போகாதிருந்தமையால் அந்த அரைப்பக்கத்தை நீக்கமுடிந்தது. அப்பிழையைச் சுட்ட என்னைச் சுற்றி எவரும் இருக்கவில்லை. மூலத்தொடரை நான் எங்கும் தராமையால் பின்னர் படிப்பவரும் கண்டிருக்க இயலாது.

தமிழகத்தின் சமூக வரலாற்றுக்கு ஜெர்மன் மூலங்கள் எவ்வளவு உள்ளன என்பதை நினைத்தால் இது சிறு செய்தி அன்று. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடி வந்தார். அவரும் பின்வந்தோரும் எழுதியனுப்பியவை ஹாலே நகரில் தொடர்ந்து அச்சேறின. கடலூரிலேயே 1737-இல் சார்ட்டோரியுஸ், கைஸ்டர் என்னும் இருவர் சமயப்பணி தொடங்கினர். இவர்களின் எழுத்தில் இந்நாட்டுச் சைவ வைணவரைக் குறிக்கும் வழக்கமான சொல் ‘ஹைடெ’. புறச்சமயத்தான் என்பது அதன் பொருள். இதுவும் மெலிதிரிபுப் பெயர். ‘மிட் ஐனெம் ஹைடென்’ என்றால் அந்நாட்டவர் ஒருவரோடு நிகழ்ந்த உரையாடல். ‘மிட் டேன் ஹைடென்’ என்றால் பலரோடு. பெயர் தெரியாத அந்த ஒருவர் தம் வினாக்களோடு ஒரு மனிதராக எஞ்சுகிறாரா, கூட்டத்துள் கரைந்துபோகிறாரா என்பதை ஒரு சார்படை முடிவுசெய்கிறது.

பழைய அச்சுகளைப் படிப்பவர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முற்கால ஜெர்மனில் பெண்பாற்பெயர்கள் சிலவும் ஒருமையிலேயே னகர ஈறு பெற்றன. ‘மண்ணுலகில்’ என்னும் பொருளில் இன்றும் வழங்கும் ‘ஔஃப் எர்டென்’ என்பது அதன் எச்சம். அது ஒருமை, பல உலகங்கள் அல்ல. தொகைச்சொற்களின் நடுவே வரும் னகரமும் இத்தகையதே. ‘ஃபூர்ஸ்டென்ஹோஃப்’ என்பது ஒரு சிற்றரசனின் அரண்மனை. அங்கே ‘-என்’ பன்மையைக் காட்டவில்லை. ‘மரத்துக் கிளை’யில் அத்து நிற்பதுபோல் நிற்கிறது.

எவ்வெப்பெயர்கள் மெலிதிரிபு என்பதை எப்படி அறிவது? ஆண்மக்களையோ விலங்குகளையோ குறித்து எகரத்தில் முடியும் ஆண்பாற்பெயர்கள் பெரும்பாலும் இவ்வகையின. இலத்தீன், கிரேக்க வழிவந்த ‘ஷ்டுடெண்ட்’ (மாணவன்), ‘போயேட்’ (கவிஞன்), ‘ஃபிலோஸோஃப்’ (மெய்யியலாளன்) போன்றவையும் சேரும். ஆயின் பொருளைக்கொண்டு ஊகிக்க முயல்வது ஏமாற்றும். ‘தமீலெ’ மெலிதிரிபு, ‘இண்டர்’ (இந்தியன்) வலிதிரிபு. கவிஞனைக் குறிக்கும் ‘போயேட்’ மெலிதிரிபாக, அதே பொருளுடைய ‘டிஷ்டர்’ வலிதிரிபாக நிற்கிறது. சங்கப்பாடல்களை ஜெர்மனில் படிப்பவர் ‘டெஸ் கோனிக்ஸ்’ (வேந்தனின்) என்பதை எளிதில் ஒருமையென்று உணர்வார். ‘டெஸ் ஃபூர்ஸ்டென்’ (சிற்றரசனின்) என்பதில் தடுமாறுவார். இரண்டும் ஒருமையே.

அகராதி இதற்கு நேரான விடை வைத்திருக்கிறது. ஜெர்மன் அகராதிகள் ஒவ்வொரு பெயரின் பின்னும் இரண்டு ஈறுகளைத் தருகின்றன. முதலாவது ஆறாம் வேற்றுமை ஒருமை, இரண்டாவது எழுவாய்ப் பன்மை. ‘டிஷ்’ என்பதன் பின் ஸகர ஈறும் எகர ஈறும் இருக்கும். ‘மென்ஷ்’ என்பதன் பின் ‘-என், -என்’ என்று இருமுறை வரும். ‘தமீலெ’ என்பதன் பின் ‘-ன், -ன்’. இரண்டு இடத்திலும் னகரம் கண்டால் அவ்வாண்பாற்பெயர் மெலிதிரிபு. பெயரைக் குறிக்கும் ‘நாமெ’ போன்ற சில சொற்கள் முதலிடத்தில் ‘-ன்ஸ்’ என்று காட்டும். அவை இருவகையும் கலந்தவை.

அறிஞனைக் குறிக்கும் ‘கெலேர்டெ’ போன்றவை தோற்றத்தால் மெலிதிரிபை ஒத்தும் அவ்வகையைச் சாரா. ‘டேர்’ முன்வரின் ‘கெலேர்டெ’, ‘ஐன்’ முன்வரின் ‘கெலேர்டர்’ என எழுவாயே மாறும். இவை பெயரடையிலிருந்து பிறந்தவை. நாட்டினப் பெயர்களுள் ஜெர்மானியரைக் குறிக்கும் சொல் மட்டும் இக்கூட்டத்தில் இருக்கிறது. பிறர்க்கெல்லாம் ஓர் இலக்கணம், தமக்கு வேறு என்பதுபோல.

இதுவரை கூறியவை ஜெர்மன் தரப்பின் சிக்கல். தமிழ்த் தரப்பிலும் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. ‘டேன் தமீலென்’ ஒருமை என்று சரியாக உணர்ந்த மொழிபெயர்ப்பாளரும் ‘தமிழனை’ என்று எழுதத் தயங்குவார். மரியாதை கருதித் ‘தமிழரை’ என்பார். ‘பிராமணன்’ என்பது உரைநடையில் உறுத்தும் என்று ‘பிராமணர்’ ஆக்குவார். அர் விகுதி உயர்வுப்பன்மையுமாவதால், மூலத்தில் தெளிந்திருந்த எண் தமிழில் மீண்டும் மயங்குகிறது. ‘மென்ஷ்’ என்பதிலோ இன்னொரு தொல்லை. இலக்கணத்தில் ஆண்பாலாயினும் அது பெண்ணையும் உட்கொண்ட சொல். ‘மனிதன்’ என்று பெயர்த்தால் பெண் விடுபடுகிறாள், ‘மாந்தர்’ என்றால் ஒருமை விடுபடுகிறது.

கிரௌலின் துணைத்தலைப்பில் எதை விடலாம்? ஒருமையை விடலாகாது என்பதே என் நிலைப்பாடு. அவர் மாந்தர் பலரை எண்ணிப் பேசவில்லை. மனிதன் என்னும் பொதுமையைப் பேசுகிறார். வடமொழியின் ‘புருஷார்த்தம்’ என்னும் தொகையை அவர் ஜெர்மனில் உறுப்புறுப்பாகப் பெயர்த்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது; ‘புருஷ’ என்பதன் இடத்தில் ‘டெஸ் மென்ஷென்’ நிற்கிறது. நம் இலக்கண மரபு ‘உறுதிப்பொருள்’ என்று யாருடையது எனக் கூறாமலே விட்டதை, அவர் மனிதனுடையது என்று வெளிப்படையாக்கினார். திருக்குறளை ஒரு ஜெர்மானியர் எத்தகைய நூலாகக் கண்டார் என்று ஆராய்பவர்க்கு இது தொடக்கப்புள்ளி ஆகும். ‘மனிதர்களின் மூன்று இலக்குகள்’ என்று பெயர்த்தால் அப்புள்ளியே தெரியாமல் போகிறது. ‘மானுடரின்’ என்று ஒருவர் வேண்டுமென்றே எழுதி, மூலம் ஒருமை என்று அடிக்குறிப்பிட்டால் எனக்கு மறுப்பில்லை. அறியாமல் எழுதுவதே சிக்கல்.

ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்க ஜெர்மன் எதற்கு என்று கேட்பவர் உண்டு. சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய நூலை எடுத்துக்கொள்வோம். அது ஜெர்மானின் பதிப்பாக 1867-இல் சென்னையில் வெளிவந்தது. 1869-இல் மெட்ஸ்கர் அதை ஆங்கிலத்தில் தந்தார். அந்த ஆங்கிலத்தில் கூட்டலும் மாற்றமும் உள்ளன. நெடுங்காலம் நாம் சீகன்பால்கின் கூற்றாக மேற்கோள் காட்டியவற்றுள் சில அவர் கூற்றே அல்ல. ஆங்கிலத்தின் வழி வருபவர்க்கு ஜெர்மன் சார்படை கண்ணிலேயே படாது.

ஆய்வாளர் எல்லாரும் ஜெர்மனில் பேசவும் எழுதவும் வல்லவராகவேண்டும் என்று நான் கூறவில்லை. படித்துப் பொருளறியும் அளவு போதும். அதற்கு முதலில் தேவைப்படுவது சார்படைகளின் பட்டியலும், முன்னிடைச்சொற்களுள் எவை இரண்டாம் வேற்றுமையை, எவை நான்காம் வேற்றுமையை ஏற்கும் என்னும் அறிவும்தான். நம் இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளில் ஜெர்மன் மூலம் தமிழாக்கப்படும்போது, பெயரை மட்டும் அடைப்புக்குள் தரும் வழக்கத்தை விடுத்து, சார்படையோடும் முன்னிடைச்சொல்லோடும் முழுத்தொடரையும் அடிக்குறிப்பில் தரவேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ‘பிரமானென்’ என்று மட்டும் தந்தால் மதிப்பிடுவோர் எதையும் சரிபார்க்க இயலாது; ‘ஊபர் டேன் பிரமானென்’ என்று தந்தால், ஜெர்மன் அறிந்த எவரும் அது ஒருவரைப் பற்றியது என்று உடனே கண்டுகொள்வார்.